சோப்பை வாங்குவது யார்?

ஒரு வெள்ளைத் துணி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு துண்டு துணி சோப்பு, விரல் நீளத்துக்கு ஒரு பாட்டில். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் திண்ணையில் கடை விரிக்க ஓர் இளைஞருக்கு இவ்வளவு போதுமாக இருந்தது. அடிவாரத்திலிருந்து வந்த அந்த இளைஞர் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் இரண்டு இடத்தில் பூசினார். ஒரு பூச்சின்மேல் சோப்பைத் தேய்த்தார். மஞ்சள் சட்டென்று செங்காவி நிறமானது. இன்னொரு பூச்சின்மேல் தன் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. “பார்த்தீங்களாக்கா, நீங்க தினமும் கையில பிடிக்கிற சோப்புல எவ்வளவு கெமிக்கல்னு?” சுற்றி நின்ற பெண்கள் தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

செய்முறையில் பொய் எதுவும் இல்லை. மஞ்சளில் காரத்தன்மையுள்ள எது பட்டாலும் அது சிவக்கும். சுண்ணாம்பு பட்டாலும் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் பார்ப்பது அதுதான். சோப்பு இயல்பிலேயே காரம் கொண்டது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அந்தக் காரமும் உதவுகிறது. பாத்திரம் கழுவும் திரவங்கள் பல காரமும் அமிலமும் இல்லாத நடுநிலையில் தயாரிக்கப்படுவதால் மஞ்சள் அசைவதில்லை. எது காரம் என்பதை மட்டுமே அந்தத் துணி சொல்கிறது. எது நன்றாக வெளுக்கும், எது கையைக் கெடுக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

செய்முறை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதன்பிறகு நோட்டைத் திறந்து ஒரு மணி நேரத்துக்குமேல் பேசினார். நடுவில் ஒரு வட்டம். அதிலிருந்து ஆறு கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் மறுபடி ஆறு வட்டங்கள். ‘பிளான் காட்டுறது’ என்று இந்தத் தொழிலில் சொல்வது இதைத்தான். அந்த ஒரு மணி நேரத்தில் துணி வெளுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ‘உங்க மச்சான், உங்க கொழுந்தனார், குழுவுல இருக்கிற நாலு பேரு’ என்று ஆள் கணக்குதான் ஓடியது. பாட்டில் ஓரமாக இருந்தது.

அந்த இளைஞரின் நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வீட்டுப் பராமரிப்புப் பொருள்களை ஆள்வழிச் சங்கிலியாக விற்கும் எல்லா நிறுவனங்களையும் ஒரே தராசில் வைத்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சோப்பை வாங்குவது யார்? அந்தக் கேள்வி இந்தத் தொழிலின் முன்னோடி நிறுவனம் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது.

1959-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ரிச் டிவோஸ், ஜே வான் ஆண்டெல் என்ற இரண்டு நண்பர்கள் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர்கள் கையில் முதலில் இருந்தது வீடு துடைக்கும் ஒரு திரவம். எல்.ஓ.சி. என்ற அந்தப் பெயர் இன்றும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. துணிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று வீட்டுப் பொருள்களில்தான் அந்த நிறுவனம் வளர்ந்தது. காரணம் எளிது. சோப்பு தீரும், தீர்ந்தால் மறுபடி வாங்கவேண்டும். மாதா மாதம் வாங்கப்படும் பொருள் இருந்தால்தான் மாதா மாதம் கமிஷன் ஓடும்.

இது சட்டப்படியான வியாபாரமா, ஆள்சேர்ப்பு மோசடியா என்ற வழக்கை அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1979-ல் தீர்த்துவைத்தது. ஆம்வே பிரமிடு மோசடி அல்ல என்பது முடிவு. அந்தத் தீர்ப்பைத்தான் இந்தத் தொழிலின் நிறுவனங்கள் தங்கள் நற்சான்றிதழாகக் காட்டுகின்றன. ஆனால் எதனால் அல்ல என்று ஆணையம் சொன்ன காரணங்களைக் கூட்டங்களில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. நிறுவனம் தனக்குத் தானே மூன்று விதிகளை வைத்திருந்தது. வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது விற்றாக வேண்டும். மாதத்தில் குறைந்தது பத்து வாடிக்கையாளருக்குச் சில்லறையாக விற்றதைக் காட்டவேண்டும். தொழிலை விட்டு விலகுகிறவரின் விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் சேர்த்ததற்காக மட்டும் காசு இல்லை, சரக்கு கடைசியில் யாரோ ஒருவர் வீட்டில் நுரைத்துத் தீர்கிறது என்பதற்கு இவை அடையாளம் என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது.

அதே தீர்ப்பு வேறொன்றையும் சொன்னது. வருமானத்தைப் பெரிதுபடுத்திச் சொன்னது தவறு என்று கண்டறிந்தது. இனி பெரிய வருமானத்தைச் சொன்னால், சராசரியாக ஒருவருக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதையும் கூடவே சொல்லவேண்டும் என்று உத்தரவிட்டது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. திண்ணையில் செல்போனைத் திறந்து யாரோ ஒருவரின் லட்ச ரூபாய் காசோலையின் படத்தைக் காட்டும்போது, அவருக்குக் கீழே இருக்கும் ஆயிரம் பேருக்கு என்ன வந்தது என்பதையும் காட்டும் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்தியாவில் இந்தக் கதை நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. ஆம்வே இங்கே வியாபாரத்தைத் தொடங்கியது 1998-ல். பின்னர் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் பெரிய ஆலையும் கட்டியது. 2013-ல் கேரளக் காவல்துறையும், 2014-ல் ஆந்திரக் காவல்துறையும் அதன் இந்தியத் தலைவராக இருந்த வில்லியம் பிங்க்னியைக் கைது செய்தன. 1978-ம் ஆண்டின் பரிசுச்சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம்தான் அவற்றுக்கு அடிப்படை. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை 757.77 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கியது. அதில் திண்டுக்கல் மாவட்டத்து நிலமும் ஆலைக் கட்டடமும் அடக்கம். நேரடி விற்பனை என்ற போர்வையில் நடப்பது ஆள்சேர்ப்பு, பொருள்களின் விலை சந்தையைவிட மிக அதிகம் என்பவை அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டுகள். நிறுவனம் இதை ஏற்கவில்லை. பழைய விசாரணையின் தொடர்ச்சி இது, நாங்கள் ஒத்துழைத்து வருகிறோம் என்றது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அமலாக்கத் துறையின் அறிக்கையில் உள்ள இரண்டு எண்கள் நம் கணக்குக்குத் தேவை. 2002-03 முதல் சுமார் இருபது ஆண்டுகளில் நிறுவனம் வசூலித்தது 27,562 கோடி ரூபாய். உறுப்பினர்களுக்குக் கொடுத்த கமிஷன் 7,588 கோடி. ஆக, வாங்குகிறவர் கொடுக்கும் நூறு ரூபாயில் கால் பங்குக்கும் மேல் சங்கிலியில் மேலே ஏறிச் செல்கிறது. விளம்பரச் செலவு இல்லை, இடைத்தரகர் இல்லை என்பது இந்தத் தொழிலின் வாதம். அது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் இடைத்தரகர் இருந்த இடத்தில் இப்போது ‘அப்லைன்’ இருக்கிறார். அந்தப் பணமும் பாட்டில் விலையிலேயே சேர்ந்திருக்கிறது.

இப்போது மலைக்குத் திரும்புவோம். நோட்டில் வரைந்த வட்டங்களை இந்த மலையின் வீடுகளோடு பொருத்திப் பார்ப்போம். கீழே வருவது எந்த நிறுவனத்தின் அட்டவணையும் அல்ல. இந்தத் தொழிலில் வழக்கமாக இருக்கும் மாதிரியை வைத்து நான் போட்ட கணக்கு.

ஒரு பெண் சேர்கிறார். ‘ஐடி போட்டாச்சு’ என்பார்கள். மாதம் 5,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார். உறுப்பினர் விலை 400, அட்டை விலை 500 என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரக்கை விற்றால் 6,250 ரூபாய் வரும். லாபம் 1,250. அடிமட்ட கமிஷன் 6 சதவீதம் என்றால் இன்னொரு 300. மொத்தம் 1,550. மலைக் குடும்பம் ஒன்று துணி, பாத்திரம், தரை எல்லாவற்றுக்கும் மாதம் 400 ரூபாய் செலவழிக்கும் என்று தாராளமாகவே வைப்போம். 6,250 ரூபாய்ச் சரக்கு விற்க 16 குடும்பங்கள் தங்கள் பழைய சோப்பை முழுக்க விட்டுவிட்டு இவரிடமே வாங்கவேண்டும். கடினம்தான், ஆனால் நடக்காத காரியமில்லை. நாலு ஊர் ஏறி இறங்கி, நேர்மையாகப் பேசி, பொருள் நன்றாக இருந்தால் நடக்கும். பஸ் கட்டணம் போக ஆயிரம் ரூபாய் நிற்கும். இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

இனி அவர் ஆறு பேரைச் சேர்க்கிறார். ஆறு பேரும் ஆளுக்கு 5,000 எடுக்கிறார்கள். குழுவின் மொத்தம் 35,000. இந்த அளவுக்குக் கமிஷன் 9 சதவீதம் என்று வைத்தால் 3,150 ரூபாய். அதில் ஆறு பேருக்கும் ஆளுக்கு 300 வீதம் 1,800 போய்விடும். இவர் கையில் நிற்பது 1,350. தனியாக இருந்தபோது வந்த 300-ஐவிட 1,050 கூடுதல். ஏழு குடும்பங்களை 35,000 ரூபாய்ச் சரக்கு எடுக்கவைத்ததற்கு, ஆறு பேரையும் மாதம் முழுக்க விரட்டியதற்கு, திருப்பத்தூருக்கும் வேலூருக்கும் கூட்டத்துக்குப் போய்வந்ததற்கு, போன் ரீசார்ஜுக்கு எல்லாமாகச் சேர்த்து அந்த 1,050.

ஏழு பேரின் சரக்கும் உண்மையிலேயே விற்கவேண்டுமென்றால் 110 குடும்பங்கள் வேண்டும். அடுத்த படியில் ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் மொத்தம் 43 பேர். அவர்களின் சரக்கு தீர 672 குடும்பங்கள் வேண்டும். ஜவ்வாது மலையின் ஊர்கள் காட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே சிதறிக் கிடப்பவை. பல ஊர்களில் சில பத்து வீடுகள்தான். அந்த 672 குடும்பங்களைத் தேடி 43 பேர் எத்தனை மேடு ஏறுவார்கள்? ஏறமாட்டார்கள். அதனால்தான் பேச்சு விற்பதிலிருந்து சேர்ப்பதற்கு மாறிவிடுகிறது.

நோட்டு வட்டங்களை அப்படியே கீழே இழுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியட்டும். ஆறு, முப்பத்தாறு, 216 என்று போய் ஏழாவது படியில் 2,79,936 பேர் வேண்டும். அத்தனை பேர் இந்த மலையில் இல்லை. ஒன்பதாவது படியில் ஒரு கோடிக்கும் மேல். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 24.6 லட்சம்தான். ‘சீக்கிரம் சேர்ந்துட்டா நல்லது’ என்று அவர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான். தாமதமாகச் சேர்கிறவருக்குச் சேர்க்க ஆள் மிஞ்சாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

மலையில் இது சமவெளியைவிட ஆழமாகக் காயப்படுத்துகிறது. நகரத்தில் ஒருவர் அடுக்குமாடியில் முகம் தெரியாத ஒருவரிடம் விற்கலாம். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி ஊரில் முகம் தெரியாதவரே கிடையாது. ஒருவர் பங்காளியாக இருப்பார், இல்லாவிட்டால் மாமன் மச்சானாக இருப்பார். மாமன் வந்து கேட்டால் மறுக்கமுடியாது. பெண் கொடுத்து எடுத்த வீடு. சோப்பு வேண்டுமென்று யாரும் வாங்கவில்லை; உறவுக்காக வாங்குகிறார்கள். நோட்டில் எழுதும் இளைஞருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் முதலில் ‘உங்க சொந்தக்காரங்க பெயரை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதுங்க’ என்கிறார்.

பணம் வரும் காலமும் இங்கே வேறு. சாமை ஆண்டுக்கு ஒரு போகம். புளி உலுக்குவது மாசி, பங்குனியில். தேன், பலா எல்லாம் பருவம் பார்த்து வருபவை. மற்ற மாதங்களில் வெளியூர்க் கூலி. ஆனால் ‘பாயிண்ட்’ மாதா மாதம் முடிக்கவேண்டும். முடிக்காவிட்டால் அந்த மாதக் கமிஷன் இல்லை, ‘லெவல்’ இறங்கிவிடும். கையில் காசில்லாத ஆடி மாதத்தில் மகளிர் குழுக் கடனிலிருந்து 5,000 எடுத்துப் பாட்டில் வாங்கும் நிலைக்கு ஒரு பெண் தள்ளப்படுவது இந்தப் பொருத்தமின்மையால்தான். கடன் குழுவின் பெயரில், பாட்டில் வீட்டில், கமிஷன் மேலே.

இதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். போளூர்ப் பக்கம் இருக்கும் என் சின்னம்மா ஒரு நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ‘பண்ணினார்’. அவர் விட்டு விலகி வெகுநாள் கழித்துக் கட்டிலுக்கு அடியில் ஒரு விளையாட்டுப் பந்தைத் தேடியபோது அட்டைப்பெட்டிகள் தட்டுப்பட்டன. தரை துடைக்கும் திரவம், கழிப்பறைத் திரவம், துணி பவுடர். பெட்டியின் அடிப்பக்கம் ஈரத்தில் ஊறி, பவுடர் கல்லாக இறுகியிருந்தது. பாட்டில் மூடிகளின் சீல்கூட உடைக்கப்படவில்லை. “கடைசி மாசம் பாயிண்ட் குறைஞ்சுதுப்பா, நானே எடுத்துட்டேன்” என்றார். கடைசி மாதம் என்று அவர் சொன்ன மாதங்கள் மூன்றோ நான்கோ. அந்தப் பெட்டிகளைவிட என்னை உறுத்தியது வேறு. அவர் சேர்த்த நாத்தனார் அதன்பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதில்லை.

இந்தத் தொழிலில் ஏதோ தவறு நடக்கிறது என்பதற்கு முதல் அடையாளம் அந்தச் சீல் உடையாத பாட்டில்தான். விற்பனை நடக்கிறதென்றால் பாட்டில் வெளியார் வீட்டில் காலியாகவேண்டும். உறுப்பினர் வீட்டிலேயே அடுக்கிக் கிடந்தால், அந்தக் கமிஷன் சோப்பு விற்று வந்ததல்ல. அடுத்து சேர்ந்தவரின் பையிலிருந்து வந்தது. 2016-ல் ஹெர்பலைஃப் நிறுவனத்தோடு செய்த சமரசத்தில் அமெரிக்க ஆணையம் இதையே நிபந்தனையாக்கியது. 20 கோடி டாலர் கட்டவைத்ததோடு, கமிஷனில் மூன்றில் இரண்டு பங்காவது ரசீதோடு உறுதிசெய்யப்பட்ட சில்லறை விற்பனையிலிருந்து வரவேண்டும் என்றது.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளை அறிவித்தது. பிரமிடு திட்டமும் பணச் சுழற்சியும் அதில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கின்றன. மற்ற பிரிவுகள் திண்ணைக்கு நேராகவே வருகின்றன. அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்காமல் விற்பவர் வீட்டுக்கு வரக்கூடாது. நீங்கள் இன்னும் நாலு பேரை அனுப்பினால் உங்கள் பணம் திரும்பி வந்துவிடும் என்று சொல்லிப் பொருளை வாங்கவைக்கக்கூடாது. தனக்குக் கீழே சேர்ந்தவரை அளவுக்கு மீறிச் சரக்கு எடுக்கத் தூண்டக்கூடாது. பயிற்சிப் புத்தகத்தையோ செய்முறைப் பெட்டியையோ காசு கொடுத்து வாங்கச் சொல்லக்கூடாது. புகார் வந்தால் 48 அலுவல் மணி நேரத்தில் ஒப்புகை தரவேண்டும், வழக்கமாக ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். என் சின்னம்மா சேர்ந்த காலத்தில் இவை இல்லை. இப்போது இருக்கின்றன, ஆனால் மலையில் இவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

விதிக்கு உட்பட்டது எல்லாம் நியாயமாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். இன்று பல நிறுவனங்கள் சேரக் கட்டணம் வாங்குவதில்லை. ஆள் சேர்த்ததற்கு நேரடியாகக் காசு தருவதும் இல்லை. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் மாதாந்திரப் பாயிண்ட் என்ற ஒன்று இருக்கும்வரை, வெளியே வாடிக்கையாளர் இல்லாத ஊரில் அது சேர்ந்தவரையே வாடிக்கையாளர் ஆக்கிவிடுகிறது. என் பார்வையில் ஒழுக்கத்தின் எல்லை இங்கேதான் இருக்கிறது. தன் டவுன்லைனின் சரக்கு எங்கே போகிறது என்று கேட்காமல் கமிஷனை வாங்குகிறவர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். மகளிர் குழுக் கடனை இதற்கு எடுக்கச் சொல்கிறவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

வீட்டுப் பொருளைக் கிராமத்துப் பெண்கள் வழியாக விற்க வேறு வழியே இல்லையா? இருக்கிறது. இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் நல்கொண்டாப் பகுதியில் ‘சக்தி’ திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் குழுப் பெண்கள் சரக்கெடுத்து வீடு வீடாகவும் சின்னக் கடைகளுக்கும் விற்றார்கள். லாபம் விற்ற சரக்குக்கு மட்டும். யாரையும் கீழே சேர்க்கவேண்டியதில்லை. அதில் யாரும் லட்சாதிபதி ஆகவில்லை. ஆனால் அங்கே வருமானத்துக்காக நாத்தனாரைச் சேர்க்கும் கட்டாயம் இல்லை.

மலையிலிருந்து படிக்கவோ வேலைக்கோ கீழே வந்து, இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊரில் உங்கள் அம்மாவோ அத்தையோ ‘ஐடி போட்டிருக்கேன்’ என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். போன மாதம் எடுத்த சரக்கில் சொந்தக்காரர் அல்லாத எத்தனை பேர் வாங்கினார்கள் என்று மட்டும் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். அபராதம் இல்லாமல் விலகுவதற்கான கால அவகாசமும், விற்காத சரக்கைத் திருப்பித் தரும் முறையும் அதில் எழுதியிருக்கவேண்டும். அப்படி ஒரு தாளே கொடுக்கவில்லை என்றாலோ, சரக்கைத் திரும்ப எடுக்க மறுத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.